படத்தில் போட்ட ஸ்னோ பொய்யாகத் தெரிந்தால்: குறி பார்த்துத் திருத்தும் வழி

இலங்கையில் எந்த ஊரிலும் ஸ்னோ விழுவதில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லிலும் தேயிலைச் செடியிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எப்போதாவது ஆலங்கட்டி கொட்டும். அவ்வளவுதான். ஆனாலும் மலையகத்துக் கல்யாண ஸ்டூடியோக்களில் அல்பம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வசனம் பழகியிருக்கும்: "அண்ணே, கிரகரி வாவியில எடுத்த படத்துக்குக் கொஞ்சம் ஸ்னோ போட்டுத் தாங்க." மாப்பிள்ளையின் தங்கச்சி டொரொண்டோவில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் ஸ்னோ ஓவர்லேயை Photoshop இல் இழுத்துப் போட்டு Blend Mode ஐ Screen ஆக்கினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பார்த்த உடனே பொய் என்று தெரியும். ஏன் தெரிகிறது என்று கேட்டால் "ஏதோ ஒட்டல" என்பார்கள். அந்த "ஏதோ" ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் மருந்தும் உண்டு. துகளின் பருமன், மங்கல், கோடு போல் இழுபடும் நீளம் ஆகிய மூன்றையும் கண்மதிப்பில் தேடத் தேவையில்லை. அவை எடுத்த படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் படத்திடம் மூன்று அளவு கேளுங்கள்

ஓர் உதாரணப் படத்தை வைத்துக்கொள்வோம். வாவிக் கரை, மூட்டமான மாலை, ஜோடி முழங்கால்வரை தெரிய நிமிர்ந்த படம். முழுச் சட்டக சென்சர் கமரா, 85 மி.மீ. லென்ஸ், f/2, 1/200 செக்கன், பிளாஷ் இல்லை. படம் 4000 × 6000 பிக்சல். பின்னால் அக்கரை விளக்குகள் மங்கிய வட்டங்களாகத் தெரிகின்றன.

முதல் அளவு, ஒரு சென்ரிமீற்றர் எத்தனை பிக்சல் என்பது. பெரியவர்களின் தலை உச்சியிலிருந்து நாடிவரை ஏறத்தாழ 22 செ.மீ. இருக்கும். Ruler Tool ஆல் மணமகளை உச்சியிலிருந்து நாடிவரை அளந்தால் 800 பிக்சல் வருகிறது. ஆகவே ஜோடி நிற்கும் தூரத்தில் 1 செ.மீ. என்பது 36 பிக்சல். சாதாரண பனித்துகள் ஒன்றை 5 மி.மீ. என்று எடுத்தால், ஜோடிக்குப் பக்கத்தில் விழுவது 18 பிக்சல் அகலம்.

இரண்டாவது, கோட்டின் நீளம். பனித்துகள் காற்றில்லாமல் விழும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர். 1/200 செக்கனில் அது 5 மி.மீ. நகரும், அதாவது இன்னொரு 18 பிக்சல். இதே படம் 1/50 இல் எடுக்கப்பட்டிருந்தால் 2 செ.மீ., அதாவது 72 பிக்சல் இழுபட்டிருக்கும். படத்தின் ஷட்டர் வேகம் File Info வில் கிடைக்கும். ஊகிக்கத் தேவையில்லை.

மூன்றாவது அளவைத்தான் பலர் கவனிப்பதில்லை. அக்கரை விளக்கின் வட்டத்தை அளந்து பாருங்கள். இந்தப் படத்தில் அது 150 பிக்சல் சுற்றுவட்டாரத்தில் வரும். லென்ஸின் கணக்குப்படி, ஃபோக்கஸ் தூரத்தில் சரிபாதியில் இருக்கும் ஒரு புள்ளியும் மிகத் தொலைவில் இருக்கும் ஒரு புள்ளியும் ஒரே அளவு வட்டமாகத்தான் மங்கும். ஜோடி நிற்பது 4 மீற்றரில். ஆகவே 2 மீற்றரில் விழும் பனித்துகளின் மங்கல் வட்டம் அதே 150. கமராவிலிருந்து ஜோடிக்குள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அது இரு மடங்கு, நான்கில் ஒரு பங்கில், அதாவது 1 மீற்றரில், மூன்று மடங்கு. லென்ஸ் எது, அப்பச்சர் எது என்று தெரியாத பழைய படத்திலும், தூரத்து விளக்கு ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு நிற்கும்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பொய்யைக் காட்டிக்கொடுக்கும் குறிகளுக்கு வாருங்கள்.

குறி: உப்புத் தூவியது போல் இருக்கிறது

எல்லாத் துகளும் ஒரே பருமன், ஒரே வெள்ளை, படம் முழுவதும் ஒரே நெருக்கம். ஒரே லேயரில் Add Noise போட்டு முடித்த வேலையின் அடையாளம் இது.

குறைந்தது மூன்று லேயர் வேண்டும்: ஜோடிக்குப் பின்னால் ஒன்று, ஜோடியின் தூரத்தில் ஒன்று, கமராவுக்கும் ஜோடிக்கும் இடையில் ஒன்று. மூன்றுக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. கமராவின் பார்வை விரிந்துகொண்டே போவதால் தூரம் இரட்டித்தால் அங்கே சட்டகத்துக்குள் அடங்கும் துகள்கள் நாலு மடங்காகும். முன்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, நடுவில் நூற்றுக்கணக்கில், பின்னால் எண்ண முடியாத அளவு. பெரும்பாலான ஓவர்லேகள் இந்த இடத்திலேயே தோற்றுப்போகின்றன. பெரிய துகள்களை வாரி இறைத்துவிட்டு, சின்னதை வறுமையாக விட்டிருப்பார்கள்.

நடு லேயரைச் செய்யும் முறை இது. புதிய லேயரைக் கறுப்பால் நிரப்பி Filter > Noise > Add Noise, அதில் Gaussian உம் Monochromatic உம் தெரிந்து அளவை நூறுக்குக் கிட்டப் போடுங்கள். Gaussian Blur 2 பிக்சல். பிறகு Levels இல் கறுப்பு முனையை வலப்பக்கமாக நகர்த்தினால் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையும். அங்கொன்றும் இங்கொன்றும் மிஞ்சும்போது வெள்ளை முனையை இடப்பக்கம் கொண்டுவந்து அவற்றைப் பிரகாசமாக்குங்கள். உயரமான சிகரங்கள் பெரிய புள்ளியாகவும் குள்ளமானவை சின்னதாகவும் மிஞ்சுவதால் பருமன் வேறுபாடு தானாகவே கிடைக்கும். இனி Free Transform இல் லேயரை 300 வீதம் அளவுக்குப் பெருப்பித்து, சராசரித் துகள் 18 பிக்சலுக்குக் கிட்ட வருகிறதா என்று அளந்து பாருங்கள். கடைசியில் Screen.

எதற்காகச் சின்னதாகச் செய்து பெருப்பிக்க வேண்டும்? நேரே 6 பிக்சல் மங்கல் கொடுத்தால் இரைச்சலின் ஏற்ற இறக்கம் சில படிகளுக்குள் ஒடுங்கிவிடும். 8 பிட் படத்தில் அதை Levels ஆல் இழுத்து விரித்தால் துகளின் ஓரம் படிக்கட்டாக வெட்டுப்படும், சில புழுப்போல ஒட்டிக்கொள்ளும். புழு தெரிந்தால் காரணம் இதுதான். பெருப்பிக்க மனமில்லாதவர்கள் படத்தை 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு நேரே செய்யலாம். GIMP வைத்திருப்பவர்களுக்கு மெனுப் பெயர்களும் சில அமைப்பு எண்களும் மாறும், பிக்சல் கணக்கு மாறாது.

குறி: படம் முழுவதும் சாம்பல் திரை விழுந்துவிட்டது

லேயரின் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை. Screen இல் 0 மட்டுமே மறையும், 10 இருந்தாலும் படம் வெளிறும். Levels ஐத் திறந்து கறுப்பு முனையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் முடிந்தது. மங்கலாக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் பிறகு இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குறி: பெரிய வெள்ளை உருண்டைகள் கண்ணாடியில் ஒட்டியது போல் நிற்கின்றன

மிக அதிகமாக வரும் பிழை இதுதான், விளக்கமும் இதற்குத்தான் அதிகம் தேவை.

முன் லேயரில் பெரிய, மங்கிய துகள்கள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெரிய மென் பிரஷ் எடுத்து வெள்ளையாகக் குத்திவிடுகிறார்கள். இரண்டு விஷயம் பிழைக்கிறது. ஒன்று வடிவம். Gaussian மங்கல் நடுவில் பிரகாசமாகி ஓரத்தில் கரையும் பஞ்சுபோல இருக்கும். லென்ஸ் மங்கலோ ஏறத்தாழச் சமமான ஒளியுள்ள தட்டு, ஓரம் தெளிவாக முடியும். பின்னால் விளக்கு வட்டங்கள் தட்டாக இருக்க, முன்னால் ஸ்னோ பஞ்சாக இருந்தால் இரண்டும் ஒரே லென்ஸில் வந்தவை அல்ல என்று கண் கண்டுபிடித்துவிடும். ஓரம் கடினமான வட்டப் பிரஷால் குத்தி, பிறகு 3 அல்லது 4 பிக்சல் மட்டும் மென்மையாக்குவதே சரி. படத்தின் மூலைகளில் விளக்கு வட்டங்கள் எலுமிச்சை விதைபோல நசுங்கியிருந்தால், அங்குள்ள துகள்களையும் அப்படியே கொஞ்சம் நசுக்கி விடுங்கள்.

இரண்டாவது, பிரகாசம். துகளிலிருந்து வரும் ஒளி அதேதான், அது பெரிய வட்டத்தில் பரவுவதால் மெலிந்துபோகும். உதாரணப் படத்தில் 2 மீற்றரில் விழும் 5 மி.மீ. துகள் ஃபோக்கஸில் இருந்தால் 36 பிக்சல். மங்கல் வட்டம் 150 அதனோடு சேர்ந்து 186 பிக்சல் அகலமாகிறது. பரப்புக் கணக்குப் பார்த்தால் மிஞ்சும் பிரகாசம் நூற்றுக்கு நாலுகூட இல்லை. அதாவது பகல் ஒளியில் அந்தத் துகள் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழும் 1.5 செ.மீ. பெரிய பொதி என்றால் அதே இடத்தில் நூற்றுக்குப் பதினேழு வரை வரும்.

ஆகவே முன் லேயரில் Opacity 5 முதல் 20 வரை, அதற்கு மேல் வேண்டாம். அதற்குள்ளும் பெரிய வட்டம் மெலிந்தும் சிறிய வட்டம் கொஞ்சம் அழுத்தமாகவும் இருக்கட்டும். பிரஷ் அமைப்பில் Size Jitter ஐ உயர்த்தி, Scattering இல் Both Axes ஐத் தெரிந்து, Spacing ஐ 300 வீதத்துக்கு மேல் கொடுத்தால் சிதறல் கிடைக்கும். ஆனால் பெரியதை மெலிய வைக்கும் வேலையைப் பிரஷ் செய்யாது. 150 பிக்சல் வட்டங்களை ஒரு லேயரிலும் 300 முதல் 450 வரையிலானவற்றை இன்னொன்றிலும் வைத்து, இரண்டாவதுக்குப் பாதி Opacity கொடுப்பது எளிது. பத்துப் பதினைந்து வட்டம் போதும். "இவ்வளவு மெலிசாப் போட்டா யாருக்கு அண்ணே தெரியும்?" என்று பக்கத்திலிருக்கும் பொடியன் கேட்பான். லேயரை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டுங்கள். தனியாகத் தெரியாதது, இல்லாமல் போகும்போது தெரியும்.

இந்தக் கணக்குத் தலைகீழாகும் ஓர் இடம் உண்டு, பிளாஷ் போட்டு எடுத்த இரவுப் படம். கமராவில் பூட்டிய பிளாஷ் 4 மீற்றரில் இருக்கும் ஜோடிக்குச் சரியாக இருந்தால், 1 மீற்றரில் விழும் துகளுக்கு 16 மடங்கு ஒளி போகும். மெலிய வேண்டிய பெரிய வட்டங்கள் அங்கே பளிச்சென்று நிற்கும். 1 மீற்றரில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்த பிரகாசம் 28, 30 வரை ஏறிவிடும். பிளாஷின் மின்னல் நேரம் மிகக் குறுகியது என்பதால் கோடும் இழுபடாது. ஆக, மண்டபத்துக்கு வெளியே பிளாஷில் எடுத்த படத்துக்கு உருண்டைகள் பொருந்தும், Motion Blur பொருந்தாது. வாவிக் கரையில் மூட்ட ஒளியில் எடுத்த படத்துக்குப் பளிச்சென்ற உருண்டை பொருந்தாது. ஒரே ஓவர்லேயை இரண்டுக்கும் போட்டால் ஒன்று கட்டாயம் பொய்யாகும்.

குறி: பின்னணியில் கூர்மையான சின்னப் புள்ளிகள், மாப்பிள்ளையின் கோட்டிலும் அதே புள்ளிகள்

இது இரண்டு பிழை ஒன்றாக வருவது.

முதலாவது, பின் லேயரைத் துகள் துகளாகக் கூர்மையாக வைத்திருக்கிறீர்கள். f/2 இல் அது நடக்காது. உதாரணப் படத்தில் 8 மீற்றரில் விழும் துகள் 9 பிக்சல்தான், ஆனால் அதன் மங்கல் வட்டம் 75 பிக்சலை எட்டும். தனித் துகளாக அது தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கானவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பின்னணியை மெல்ல வெளிறச் செய்யும், அவ்வளவே. ஆகவே இந்த லேயருக்கு Lens Blur ஐத் தாராளமாகக் கொடுத்து, மேடு பள்ளமாகத் தெரியும் ஒரு மங்கல் திரையாக்கி, Opacity ஐ 20 இற்குள் வையுங்கள். அக்கரையின் கறுப்புச் சற்றுச் சாம்பலாகும், மரங்களின் வேறுபாடு குறையும். நம்மூர் மூடுபனி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும். f/8 அல்லது f/11 இல் எடுத்த அகலமான நிலக்காட்சி என்றால் கதை வேறு. அங்கே தூரத்துத் துகள்கள் கூர்மையாகவே இருக்கும், சின்னப் புள்ளிகள் நியாயமானவை.

கூர்மையாகத் தெரிய உரிமையுள்ளவை ஜோடிக்கு முன்னும் பின்னும் அரை மீற்றருக்குள் விழுபவை மட்டுமே. 3.5 மீற்றரிலேயே மங்கல் 22 பிக்சல் வந்துவிடுகிறது, அது துகளின் பருமனைவிடப் பெரிது. ஆகவே நடு லேயரையும் இரண்டாகப் பிரிப்பது நல்லது. பாதியை அப்படியே விட்டு, மறுபாதிக்கு 10 பிக்சல் அளவு Lens Blur கொடுத்துச் சற்று மெலியச் செய்தால், ஆழம் வந்துவிடும்.

இரண்டாவது பிழை மாஸ்க். பின்னால் விழுவது கோட்டின் மேல் தெரியக்கூடாது. Select > Subject ஆல் ஜோடியைத் தெரிந்து, பின் லேயருக்கு மாத்திரம் அந்த இடத்தைக் கறுப்பாக மறையுங்கள். மணமகளின் பறக்கும் முடி, சேலையின் வலைத் துணி ஆகிய இடங்களில் மாஸ்க் ஓரத்தை Select and Mask இல் திருத்தாவிட்டால் முடியைச் சுற்றி ஒரு கறுத்த வெட்டு தெரியும். நடு, முன் லேயர்களை மாஸ்க் பண்ண வேண்டாம். முகத்தின் மேல் இரண்டொரு துகள் கடந்து போகத்தான் வேண்டும், அதுதான் ஜோடியை ஸ்னோவுக்குள் நிறுத்துகிறது. கண்மணிக்கு மேலும் பல்லுக்கு மேலும் விழுந்ததை மட்டும் அழித்துவிடுங்கள். பல்லில் விழுந்த துகளுக்காக அல்பத்தையே திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

குறி: ஸ்னோ நேரே விழுகிறது, சேலை முந்தானையோ பறக்கிறது

கிரகரி வாவிக் கரையில் காற்றில்லாத மாலை அபூர்வம். படத்தில் முந்தானை பறந்தால் காற்று செக்கனுக்கு 3 மீற்றராவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். துகள் கீழே விழும் வேகம் 1 மீற்றர், பக்கவாட்டில் 3 மீற்றர். ஆகவே அது கிட்டத்தட்டப் படுக்கையாகப் போகும், செங்குத்திலிருந்து எழுபது பாகைக்கு மேல் சரியும். கோட்டின் நீளமும் கூடும். 1/200 செக்கனில் 1.6 செ.மீ., அதாவது ஜோடியின் தூரத்தில் 57 பிக்சல். நேரே விழும் 18 பிக்சல் கோட்டை இங்கே போட்டால் படத்தில் இரண்டு வானிலை இருக்கும்.

காற்று படத்துக்குக் குறுக்காக வீசினால்தான் இந்த முழுச் சரிவும் தெரியும். கமராவை நோக்கியோ கமராவிலிருந்து விலகியோ வீசினால் சரிவு குறையும். முந்தானையும் முடியும் எந்தப் பக்கம் பறக்கின்றன என்பதைப் பார்த்து Motion Blur இன் Angle ஐத் திருப்புங்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கும் கோடு திசையைக் காட்டும்.

எல்லா லேயருக்கும் ஒரே திசைதான், ஒரே நீளம் அல்ல. 2 மீற்றரில் விழுவது ஜோடியின் தூரத்தில் விழுவதைப்போல் இரு மடங்கு இழுபடும், 8 மீற்றரில் விழுவது பாதி. சரியாக ஒரே கோணத்தைக் கொடுத்தால் கோடு கோடாக மழைபோல் தெரியும். இதைத் தவிர்க்க நடு லேயரை இரண்டு மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பாகை வித்தியாசம் கொடுங்கள். காற்றில்லாத படத்தில் முன் லேயருக்கு Motion Blur வேண்டியதே இல்லை. 150 பிக்சல் வட்டத்தில் 36 பிக்சல் இழுப்பை யாராலும் காண முடியாது. எல்லா லேயரிலும் கடமைக்கு அதைப் போட்டு வட்டங்களை மாத்திரைக் குளிகையாக மாற்றுவது வீண் வேலை.

குறி: வெள்ளை வானத்தில் ஸ்னோவே தெரியவில்லை

தெரியக்கூடாது. மூட்டமான வானத்துக்கு எதிரே பார்த்தால் உண்மையான பனித்துகள் வெள்ளையாக இருக்காது, வானத்தைவிட ஒரு சொட்டுக் கறுத்துச் சாம்பலாகத்தான் இருக்கும். Screen ஐ Linear Dodge ஆக மாற்றி, Opacity ஐ ஏற்றி, வானத்தில் வலுக்கட்டாயமாகத் தெரிய வைக்க முயன்றால் ஜோடியின் மேல் விழுந்தவை எரிந்துபோகும்.

விட்டுவிடுங்கள். பொருத்தமாக இருக்க வேண்டும் என்றால் நடு லேயரின் ஒரு பிரதியை Invert பண்ணி, Multiply கொடுத்து, வானத்துக்கு மட்டும் மாஸ்க் செய்து, Opacity ஐ 8 இற்குக் கிட்ட வையுங்கள். அடிவானத்து மரங்களைக் கடக்கும்போது சாம்பல் துகள் வெள்ளையாக மாறுவது போல் தெரியும். அந்த மாற்றம் பார்ப்பவரின் மனதில் பெரிய வேலை செய்கிறது.

அதே காரணத்தால் 255 வெள்ளை எங்கும் வேண்டாம். மூட்ட ஒளியில் 230 சுற்றுவட்டாரம், கொஞ்சம் நீலம். பக்கத்தில் மஞ்சள் விளக்கு இருந்தால் அதைச் சுற்றியுள்ளவை மஞ்சளாக வேண்டும். Hue/Saturation இல் Colorize ஐத் தெரிந்து மாஸ்க் போட்டால் போதும்.

குறி: எல்லாம் சரி, ஆனாலும் நம்ப முடியவில்லை

கீழே பாருங்கள். நிழல் கத்தியால் வெட்டியது போல் கூராக விழுந்திருந்தால், அது உச்சி வெயிலில் எடுத்த படம். ஸ்னோ கொட்டும் நேரம் வானம் மூடியிருக்கும், நிழல் கரைந்திருக்கும். பண்டாரவளை வெயிலில் எடுத்த படத்துக்கு என்ன போட்டாலும் ஒட்டாது. வாடிக்கையாளரிடம் மூட்டத்தில் எடுத்த இன்னொரு படத்தைக் கேளுங்கள். பச்சைப் பசேல் என்ற புல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், கொட்டத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் என்று கண் ஏற்றுக்கொள்ளும். கையில்லாத ஜாக்கெட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கும் மணமகளுக்கு என்னிடம் மருந்தில்லை.

குறி: தூசி போட்டேன், ஸ்னோ போல் இருக்கிறது

இது வேறு வேலை. பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஜோடியை நிறுத்தி, ஜன்னல் வழியாக வெயில் கற்றையாக இறங்க, அதில் தூசி மிதக்கும் படம் இப்போது அதிகமாகக் கேட்கிறார்கள். தேயிலை சலிக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். ஸ்னோ லேயரைப் பொன்னிறமாக்கிப் போட்டால் அது வராது.

தூசி விழாது, மிதக்கும். உள்ளறைக் காற்றில் அதற்குத் திசை கிடையாது, வேகமும் சொற்பம். ஆகவே Motion Blur ஐ மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஒரு தூசியின் பருமன் 0.05 மி.மீ. என்று எடுத்தாலும், 1 செ.மீ. 36 பிக்சலாக உள்ள படத்தில் அது பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃபோக்கஸில் இருக்கும் தூசிக்கு உருவம் இல்லை என்று பொருள், ஒளிப்புள்ளி மட்டும்தான். ஒன்று அல்லது இரண்டு பிக்சல் புள்ளிகளாக, பலதும் மங்கி ஒன்றிரண்டு மட்டும் மினுங்குமாறு வையுங்கள். ஃபோக்கஸுக்கு வெளியே உள்ளவை வட்டத் தட்டுகள், ஸ்னோவுக்குச் சொன்ன அதே விளக்கு வட்டக் கணக்கு. ஆனால் மிகவும் மெலியதாக.

இடமும் முக்கியம். தூசி தன்மேல் படும் ஒளியைப் பெரும்பாலும் போகிற திசையிலேயே முன்னோக்கிச் சிதறும். அதனால் கமரா ஒளி வரும் பக்கத்தைப் பார்த்திருந்தால்தான், பின்னால் இருட்டும் இருந்தால்தான் அது பளிச்சிடும். உங்களுக்குப் பின்னால் இருந்து வெயில் அடிக்கும் படத்தில் தூசி மினுங்குவது இயற்கையில் நடக்காத காரியம். தூசி லேயருக்கு முழுக் கறுப்பு மாஸ்க் போட்டு, வெயில் கற்றையின் மேல் மாத்திரம் மென் பிரஷால் வெள்ளை தீட்டுங்கள். கற்றையின் ஓரத்தில் தூசி சட்டென்று அணைய வேண்டும். நிழலுக்குள் இரண்டு புள்ளி மிஞ்சினாலும் அவை கமரா சென்சரில் ஒட்டிய அழுக்காகத் தெரியும். நிறத்தை ஜன்னல் ஒளியிலிருந்து Eyedropper ஆல் எடுத்துக்கொள்ளலாம். இங்கே Screen ஐவிட Linear Dodge (Add) நன்றாக வரும், புள்ளிகளுக்கு அந்த மினுக்கம் கிடைக்கும்.

கற்றையே படத்தில் இல்லையென்றால் தூசியும் வேண்டாம். முதலில் கற்றையைச் செய்யுங்கள், அல்லது வேலையை ஸ்னோவோடு நிறுத்துங்கள்.

குறி: கணினியில் அழகு, அனுப்பினால் காணவில்லை

6000 பிக்சல் படம் கைபேசிக்குப் போகும்போது 1500 ஆகச் சுருங்கினால், 18 பிக்சல் துகள் 4 இற்குச் சற்று மேல் நிற்கும், அது தப்பிவிடும். 2 பிக்சல் தூசியோ அரை பிக்சலாகிக் கரைந்துவிடும். கடும் JPEG சுருக்கத்தில் மிஞ்சியதும் கட்டம் கட்டமாகக் கலங்கும். அச்சில் இதற்கு மாறாக நடக்கும். 18 அங்குல உயர அல்பப் பக்கத்தில் 6000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 333. 18 பிக்சல் துகள் 1.4 மி.மீ. புள்ளியாக விழும், கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே லேயர்களை ஒன்றாக்கும் முன் படத்தை எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் வேண்டுமென்றால் இரண்டு பிரதி. கைபேசிப் பிரதியை முதலில் சுருக்கி, தூசியையும் சிறு துகள்களையும் அந்த அளவிலேயே புதிதாகப் போடுங்கள். பெரிய வட்டங்களை மட்டும் மூலத்திலிருந்து கொண்டுவரலாம். அச்சுப் பிரதியில் முன் லேயரின் Opacity ஐத் திரையில் பார்த்ததைவிட இரண்டு மூன்று கூட்டி, முகம் வரும் பகுதியை மட்டும் ஒரு சிறு துண்டாக அடித்துப் பார்த்த பிறகு முழுப் பக்கத்தையும் கொடுங்கள். மெலிந்த வட்டங்கள் திரையில் தெரிந்து மேட் தாளில் மறைவது வழக்கம்.